சாங்ஷன் வாங்கித் தருகிறேன் என்பவர் எதை விற்கிறார்?

“சார், நேரா பிராஞ்சுக்குப் போனா எட்டரைன்னு சொல்வாங்க. நம்ம மூலமா போட்டா எட்டேகால். ரெண்டே நாள்ல சாங்ஷன் லெட்டர் கையில இருக்கும். நமக்கு அரை பர்சென்ட் குடுத்தா போதும், அதுவும் சாங்ஷன் ஆன பிறகுதான்.”

பெங்களூரில் வீடு தேடும் தமிழர்கள் வீட்டுக்கடன் முகவர்களின் இந்தப் பேச்சை ஏதாவது ஒரு வடிவில் கேட்டிருப்பார்கள். சொல்பவர் தமிழில் சொல்கிறார் என்பதே பாதி வியாபாரம். வில்லங்கச் சான்றும் வரி ரசீதும் கன்னடத்தில் இருக்கின்றன, வங்கிப் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. இரண்டையும் தமிழில் விளக்கி, வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிப் போகிறவர் மேல் நம்பிக்கை வருவது இயல்பு. அந்த உதவிக்கு மதிப்பு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் விலை வைப்பது அந்த உதவிக்கு அல்ல. குறைந்த வட்டி, சீக்கிரம் சாங்ஷன் என்ற இரண்டுக்கும்தான். இவை இரண்டும் அவர் கையில் இல்லை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து பெங்களூரில் வேலை பார்க்கும் கணவன் மனைவி, ஹொரமாவு பக்கம் 65 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய ஃபிளாட்டைப் பார்க்கிறார்கள். தேவை 50 லட்சம் கடன், 20 ஆண்டு. எட்டரை சதவீதத்தில் மாதத் தவணை 43,391 ரூபாய். எட்டேகால் சதவீதத்தில் 42,603. மாதம் 788 ரூபாய் மிச்சம், 20 ஆண்டில் ஏறக்குறைய 1 லட்சத்து 89 ஆயிரம். “ரெண்டு லட்சம் மிச்சம் பண்ணித் தர்றேன், எனக்கு இருபத்தஞ்சாயிரம் குடுக்க மாட்டீங்களா?” என்று முகவர் கேட்டால் நியாயமாகத்தான் படும். கணக்கில் பிழை இல்லை. பிழை அந்த எட்டரையில் இருக்கிறது. அந்த எண்ணைச் சொன்னவர் யார்? வங்கி இன்னும் எதுவும் சொல்லவில்லை.

எட்டேகால் எங்கிருந்து வருகிறது

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன் எல்லாம் ஒரு வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதத்தைத்தான் பெரும்பாலான வங்கிகள் வைத்திருக்கின்றன. ரெப்போவுக்கு மேல் வங்கி போடும் கூடுதலுக்கு ஸ்பிரெட் என்று பெயர். ரெப்போ எல்லாருக்கும் ஒன்று. 2025 பிப்ரவரித் தொடக்கத்தில் ஆறரையாக இருந்தது, ஜூனில் ஐந்தரைக்கு வந்தது. அதில் முகவரும் மேலாளரும் கை வைக்க முடியாது. ஆளுக்கு ஆள் மாறுவது ஸ்பிரெட் மட்டும்.

அந்த ஸ்பிரெட்டும் யாரோ ஒருவர் மனசு வைத்துக் குறைப்பதல்ல. ஒவ்வொரு வங்கியிலும் ஒரு ரேட் கார்டு இருக்கிறது. சிபில் மதிப்பெண் எந்தப் படியில் இருக்கிறது, மாதச் சம்பளமா சொந்தத் தொழிலா, கடன் தொகை எவ்வளவு, வீட்டு மதிப்பில் அது எத்தனை சதவீதம் என்பதை வைத்து அட்டையில் ஒரு கட்டம் தேறும். சில வங்கிகளில் மனைவி முதல் விண்ணப்பதாரராக இருந்தால் சிறிய சலுகை உண்டு. சம்பளக் கணக்கு அங்கேயே இருந்தால் சில இடங்களில் இன்னொரு சலுகை. அவ்வளவுதான். நம் தம்பதியில் இருவர் மதிப்பெண்ணும் 790-க்கு மேல் என்றால், எந்தக் கட்டத்தில் விழுவார்கள் என்பது சம்பளச் சீட்டையும் சிபில் அறிக்கையையும் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் முகவருக்குத் தெரிந்துவிடும். அந்த அட்டை அவர் போனிலேயே இருக்கிறது. எட்டேகால் அவர்களுக்கு எப்படியும் கிடைக்கக்கூடியது. முகவர் செய்தது ஒன்றுதான்: முதலில் எட்டரை என்றார், பிறகு அதிலிருந்து இறங்கி வந்தார்.

அட்டைக்கும் கீழே வட்டி வாங்க ஒரு வழி உண்மையிலேயே உண்டு. இன்னொரு வங்கியின் சாங்ஷன் கடிதத்தைக் காட்டினால், சில தனியார் வங்கிகளில் விற்பனை மேலாளர் மேலிடத்துக்கு ஒரு மெயில் போட்டு வட்டியைச் சற்றே குறைத்து வாங்குவார். இதை முகவரும் செய்யலாம், நீங்களும் செய்யலாம். அந்த மெயிலுக்கு யாரும் கட்டணம் வாங்குவதில்லை.

முகவருக்குக் கூலி எங்கே என்றால், அதை வங்கி கொடுக்கிறது. டி.எஸ்.ஏ என்று சொல்லப்படும் நேரடி விற்பனை முகவர் கொண்டுவரும் ஒவ்வொரு ஃபைலிலும் அவரை அடையாளம் காட்டும் சோர்சிங் கோடு ஏறும். கடன் தொகையில் ஒரு பங்கு அவருக்குக் கமிஷனாகப் போகும். வங்கிக்கு வங்கி அது மாறினாலும், வீட்டுக்கடனில் பொதுவாக அரை சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். தனிநபர் கடனில் சதவீதம் இதைவிடக் கூடுதல். 0.4 சதவீதம் என்று வைத்தால் 50 லட்சத்துக்கு 20,000 ரூபாய். அதற்கு மேல் உங்களிடம் கேட்கும் 25,000 அதே வேலைக்கு வாங்கும் இரண்டாவது கூலி.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. வங்கி முகவருக்குக் கமிஷன் தருவது பணம் பட்டுவாடா ஆன பிறகு. அவர் உங்களிடம் கேட்பது சாங்ஷன் ஆனதும். இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் என்னென்ன நடக்கும் என்று வங்கிக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வீடு வாங்குகிறவருக்கு மட்டும்தான் தெரியாது.

சாங்ஷன் என்ற பாதிக் காகிதம்

ஃபைல் லாகின் ஆனதும், அதாவது விண்ணப்பம் வங்கியில் பதிவானதும், வங்கி முதலில் ஆளைப் பார்க்கிறது. மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு, இரண்டு வருட படிவம் 16, சிபில். ஏற்கெனவே ஓடும் தவணைகளைக் கழித்து, சம்பளத்தில் எவ்வளவு தவணை தாங்கும் என்று கணக்குப் போடுகிறது. காகிதம் சரியாக இருந்தால் இந்த வேலை சில நாட்களில் முடிந்து சாங்ஷன் கடிதம் வந்துவிடும். முகவர் சொல்லும் “ரெண்டே நாள்” இதுதான். சம்பளக்காரர்களுக்கு முகவர் இல்லாமலும் ஏறக்குறைய இதே வேகம்தான்.

அந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படிக்க வேண்டும். சொத்தின் சட்டச் சரிபார்ப்பும் தொழில்நுட்ப மதிப்பீடும் திருப்தியாக இருந்தால் மட்டுமே இந்த ஒப்புதல் செல்லும் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதாவது வங்கி ஆளை ஏற்றுக்கொண்டிருக்கிறது, வீட்டை இன்னும் பார்க்கவில்லை. இனிமேல்தான் வங்கியின் வழக்கறிஞர் தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றுவரை சொத்து கைமாறிய சங்கிலியைப் பார்ப்பார். வில்லங்கச் சான்று, விவசாய நிலத்தை மாற்றிய உத்தரவு, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், சொத்துவரி யார் பெயரில் என்று காட்டும் மாநகராட்சிப் பதிவான காத்தா, வரி ரசீது எல்லாம் கேட்பார். மதிப்பீட்டாளர் நேரில் வந்து, வரைபடத்தில் மூன்று மாடி இருக்கும் இடத்தில் நாலு மாடி நிற்கிறதா என்று பார்ப்பார்.

பெங்களூரில் ஃபைல்கள் அடிபடும் இடம் இதுதான். அதிலும் காத்தாவில் ஒரு குழப்பம் இருக்கிறது, முகவர்கள் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறார்கள். “இ-காத்தா வந்துடுச்சு சார், லோனுக்குப் பிரச்சினையே இல்ல” என்பார்கள். இ-காத்தா என்றால் மின்னணு வடிவில் வந்த காத்தா, அவ்வளவுதான். ஏ காத்தாவும் அப்படி வரும், பி காத்தாவும் அப்படி வரும். பி காத்தா என்பது விதிமீறலோ அனுமதிக் குறையோ உள்ள சொத்துகளுக்கான பதிவேடு. பெரும்பாலான வங்கிகள் அதற்குக் கடன் தருவதில்லை. தருகிற சில நிதி நிறுவனங்கள் வட்டியைத் தூக்கி வைக்கின்றன. விற்பவர் நீட்டும் காகிதத்தில் எந்தப் பதிவேடு என்று அச்சாகியிருக்கிறது, அதை அங்கேயே பார்க்கலாம். வில்லங்கச் சான்றை கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி தளத்தில் நாமே எடுக்கலாம். கன்னடம் தெரிந்த ஒரு நண்பரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

நம் கணக்குக்குத் திரும்புவோம். சாங்ஷன் கடிதம் மூன்றாம் நாள் வருகிறது. தம்பதி முகவருக்கு 25,000 ரூபாயை ஜிபேயில் அனுப்புகிறார்கள். அந்தத் தைரியத்தில் விற்பவருக்கு ஆறரை லட்சம் முன்பணம் கொடுத்து, 60 நாளில் கிரயம் முடிப்பதாக ஒப்பந்தம் போடுகிறார்கள். இருபதாம் நாள் வங்கியின் வழக்கறிஞர் கேள்வி அனுப்புகிறார்: காத்தா பி பதிவேட்டில் இருக்கிறது, கட்டடத்தில் குடியேறலாம் என்ற ஓ.சி சான்று இல்லை. ஃபைல் நின்றுவிடுகிறது. முகவர் “வேற பேங்க்ல போட்டுத் தர்றேன், ஒம்பதேமுக்கால் ஆகும்” என்கிறார். 25,000 பற்றிக் கேட்டால், “சாங்ஷன்தான் வாங்கிக் குடுத்துட்டேனே மேடம்!” என்று பதில் வருகிறது. பேசிய பேச்சின்படி அவர் சொல்வது சரிதான். அறுபது நாள் கெடுவில் மீதி இருப்பது நாற்பது. ஒப்பந்தத்தைப் பொறுத்து முன்பணமே போகக்கூடும் என்ற பயத்தில் ஒன்பதேமுக்காலுக்குத் தலையாட்டுகிறார்கள். எட்டேகாலுக்காகக் கட்டணம் கொடுத்தவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது.

இதைத் தடுக்க இரண்டு வரி போதும். விற்பவரோடு போடும் ஒப்பந்தத்தில், வங்கியின் சட்டச் சரிபார்ப்பிலோ மதிப்பீட்டிலோ சொத்து நிராகரிக்கப்பட்டால் முன்பணம் முழுவதையும் இத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி. முகவருக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று நினைத்தால், பட்டுவாடா ஆன மறுநாள்தான் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிய இன்னொரு வரி. இந்த இரண்டாவது வரியைக் கேட்டதும் பாதிப் பேர் மறுபடி போன் செய்ய மாட்டார்கள்.

வட்டி குறைந்தும் தவணை ஏறுவது எப்படி

சில ஃபைல்களில் எட்டேகால் நிஜமாகவே கிடைக்கும், ஆனால் கூடவே ஒரு காப்பீடும் ஏறும். கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஒற்றைப் பிரீமியப் பாலிசி. அந்தப் பிரீமியத்தை நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டாம், கடனோடு சேர்த்துவிடலாம் என்பார்கள். 1,20,000 ரூபாய் பிரீமியம் என்று வையுங்கள். கடன் 51,20,000 ஆகிறது. எட்டேகால் சதவீதத்தில் அந்தக் கூடுதல் தொகைக்கு மட்டும் மாதம் 1,022 ரூபாய் தவணை. வட்டி குறைந்ததால் மிச்சமானது 788. மொத்தத் தவணை 43,625, அதாவது எட்டரை சதவீதத்தில் வரவேண்டிய 43,391-ஐ விட அதிகம். காப்பீடே வேண்டாம் என்பதில்லை, தனியாக ஒரு டெர்ம் பாலிசி எடுத்து விலையை ஒப்பிட்டுக்கொள்ளலாம். வட்டிக் குறைப்பின் விலையாக அது வரும்போதுதான் சிக்கல்.

இதைப் பிடிக்க இப்போது நல்ல ஆயுதம் ஒன்று இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் முன் கே.எஃப்.எஸ் என்ற முக்கியத் தகவல் அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும். கடன் தொகை, தவணை, அளவுகோல், ஸ்பிரெட், வட்டி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும் என்பதெல்லாம் அதில் கட்டம் போட்டு இருக்கும். கண் போகவேண்டியது கட்டணக் கட்டத்துக்கு. அங்கே வங்கிக்குக் கொடுப்பது ஒரு பக்கம், வங்கி வழியாக மூன்றாம் தரப்புக்குப் போவது இன்னொரு பக்கம் என்று பிரித்திருப்பார்கள். காப்பீடு, சட்டக் கட்டணம் போன்றவை இரண்டாவதில் வரும். எல்லாவற்றையும் சேர்த்த ஆண்டுச் சதவீதம் ஏ.பி.ஆர் என்ற பெயரில் இருக்கும். எட்டேகால் என்று பேசி ஏ.பி.ஆர் எட்டேமுக்கால் என்று வந்தால், நடுவில் என்ன நுழைந்திருக்கிறது என்று கேட்கலாம். இந்த அறிக்கையில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வங்கி வசூலிக்க முடியாது.

முகவரின் அரை சதவீதம் அந்த அறிக்கையில் எங்குமே இருக்காது. இருக்கவும் முடியாது. அது வங்கிக்குத் தெரியாமல் நடக்கும் வரவு.

இன்னொன்று. ஏழு நாள் அல்லது அதற்கு மேற்பட்ட காலத்துக்கான கடன் என்றால், இந்த அறிக்கையைக் கொடுத்த பிறகு சம்மதம் சொல்லக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களில் அதில் எழுதிய நிபந்தனைகளுக்கு வங்கி கட்டுப்பட்டது. “இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள சைன் பண்ணலைன்னா ரேட் போயிடும்” என்று சொன்னால், அறிக்கையின் தேதியைக் காட்டினால் போதும். அறிக்கை உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு. பெங்களூர்க் கிளையில் தமிழில் கேட்டால் புருவம் உயரும்தான், இருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம்.

எட்டேகால் கிடைத்தது வங்கியிலா, வீட்டுவசதி நிதி நிறுவனத்திலா என்பதையும் அதே தாளில் பார்க்க வேண்டும். வெளி அளவுகோல் விதி வங்கிகளுக்குத்தான். நிதி நிறுவனம் தன் சொந்த அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். ரெப்போ இறங்கும்போது வங்கிக் கடன் மூன்று மாதத்துக்குள் இறங்கியாக வேண்டும், மற்றதில் அந்தக் கட்டாயம் இல்லை. தொடக்கத்தில் ஒரே எண்ணாக இருப்பவை இரண்டு வருடம் கழித்து வெவ்வேறு இடத்தில் நிற்கும்.

ஃபைல் கெட்டுப்போகும் விதம்

பணம் போவதைவிடப் பெரிய சேதம் பல சமயம் ஃபைலில்தான் நடக்கிறது. எங்கே தேறுகிறதோ பார்ப்போம் என்று ஒரே வாரத்தில் நாலைந்து இடத்தில் லாகின் போடுகிற முகவர்கள் உண்டு. ஒவ்வொரு லாகினும் உங்கள் கடன் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதியும். ஐந்தாவது வங்கிக்காரர் அறிக்கையைத் திறந்தால், பத்து நாளில் நாலு இடத்தில் கேட்டிருக்கிறார், எங்கும் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் படிப்பார். மதிப்பெண்ணும் சில புள்ளிகள் இறங்கும். 790-இல் இருந்தவர் ரேட் கார்டில் ஒரு படி கீழே போக அது போதும்.

யாராவது உங்கள் அறிக்கையை எடுத்தால் கடன் தகவல் நிறுவனங்கள் உங்களுக்குக் குறுஞ்செய்தியோ மெயிலோ அனுப்ப வேண்டும். நீங்கள் பெயர் சொல்லாத வங்கியின் பெயரில் அப்படி ஒன்று வந்தால், உங்கள் ஆவணங்கள் எங்கெல்லாம் போயிருக்கின்றன என்று அன்றைக்கே கேட்க வேண்டும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நாலு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரக் கடமைப்பட்டவை. முகவரைப் பார்ப்பதற்கு முன் அதை நீங்களே எடுத்துவைத்தால், “உங்க சிபில்ல பிரச்சினை இருக்கு, சரி பண்ண எட்டாயிரம்” என்ற பேச்சும் எடுபடாது. பிழை இருந்தால் திருத்தக் கேட்க கட்டணம் கிடையாது. முப்பது நாளுக்கு மேல் இழுத்தால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு உங்களுக்குத்தான் வர வேண்டும்.

இதைவிட மோசமானது “புரொஃபைல் பண்றது”. சம்பளம் போதவில்லை என்றால் சம்பளச் சீட்டில் எண்ணை மாற்றுவது, இல்லாத வாடகை வருமானத்துக்கு ஒப்பந்தம் தயாரிப்பது, வீட்டு விலையை ஏற்றி எழுதி “நூறு பர்சென்ட் லோன்” வாங்குவது. முப்பது லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80, அதற்கும் மேல் 75 என்பதுதான் ரிசர்வ் வங்கி வகுத்த உச்சவரம்பு. முத்திரைத்தாள், பதிவுச் செலவு பொதுவாக இந்த மதிப்பில் சேராது. இதைத் தாண்டித் தருகிறேன் என்பவர் எங்கேயோ ஒரு பொய்யை எழுதப்போகிறார். ஒவ்வொரு வங்கியிலும் ஆவணங்களைச் சோதிக்க ஒரு தனிப் பிரிவு உண்டு. சம்பளச் சீட்டை வங்கிக் கணக்கோடும் வருமானவரிப் பதிவோடும் ஒட்டிப் பார்ப்பார்கள், அலுவலகத்துக்கும் போன் போடுவார்கள். மாட்டினால் விண்ணப்பத்தில் இருக்கும் கையெழுத்து உங்களுடையது. முகவரின் பெயர் ஒரு கோடாக ஓரத்தில் இருக்கும்.

அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளலாம். கொடுக்கும் ஒவ்வொரு நகலின் மேலும் வங்கியின் பெயர், தேதி, “வீட்டுக்கடனுக்கு மட்டும்” என்று குறுக்கே எழுதிக் கையெழுத்திடுங்கள். வெற்று விண்ணப்பத்தில் கையெழுத்து வேண்டாம். லாகின் ஆன அன்றே விண்ணப்ப எண்ணை வாங்கி, கிளைக்கோ வாடிக்கையாளர் எண்ணுக்கோ போன் செய்து, இந்தப் பெயரில் இவ்வளவு தொகைக்கு ஃபைல் இருக்கிறதா, எந்த முகவர் கோடு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தனிநபர் கடனில் நடப்பது வேறு

அங்கே பல சமயம் முகவரே கிடையாது, ஒரு போன் எண் மட்டும்தான் இருக்கும். மூன்று லட்சம் ஒப்புதல் ஆகிவிட்டதாக வங்கிச் சின்னம் போட்ட ஒரு கடிதம் வாட்ஸ்அப்பில் வரும். ஃபைல் சார்ஜ் 1,999, பிறகு காப்பீடு, பிறகு ஜி.எஸ்.டி, பிறகு “கணக்கு எண் தப்பாயிடுச்சு, திருத்தணும்” என்று தொகை ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறையும் திரும்பக் கிடைக்கும் என்ற வாக்குறுதி இருக்கும். ஏற்கெனவே கட்டியது போய்விடுமே என்ற கவலைதான் அடுத்ததைக் கட்ட வைக்கிறது. முறையான கடனில் செயலாக்கக் கட்டணம் வங்கியின் பெயரிலேயே வசூலாகும், தனிநபர் கடனில் பெரும்பாலும் தொகையிலிருந்தே கழித்துக்கொள்வார்கள். ஒரு தனிமனிதரின் யு.பி.ஐ எண்ணுக்கு அது போகவே போகாது. செயலி வழியாக வரும் டிஜிட்டல் கடனில் ரிசர்வ் வங்கி இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: இடையில் நிற்பவருக்கான கட்டணத்தைக் கடன் தரும் நிறுவனமே கொடுக்க வேண்டும், கடன் வாங்குபவரிடம் வசூலிக்கக் கூடாது.

ஏற்கெனவே கடன் ஓடுகிறவர்களிடம் வருபவர்

“உங்களுக்கு ஒம்பது ஓடுது, எட்டேகாலுக்கு மாத்தித் தர்றேன், பதினஞ்சாயிரம்” என்று வருகிறவர் ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார். புது வாடிக்கையாளரை இழுக்க வங்கிகள் ஸ்பிரெட்டைக் குறைக்கின்றன, பழையவர்கள் பழைய ஸ்பிரெட்டிலேயே இருக்கிறார்கள். கேட்காதவருக்கு யாரும் தானாகக் குறைப்பதில்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு மெயில் போதும். கணக்கு எண், இன்றைய வட்டி, இதே வங்கி புதியவர்களுக்கு விளம்பரப்படுத்தும் வட்டி, என் ஸ்பிரெட்டைக் குறைக்கக் கட்டணம் எவ்வளவு, குறையாவிட்டால் கடனை மாற்ற நிலுவை விவரமும் ஆவணப் பட்டியலும் தாருங்கள் என்று நாலு வரி. கடைசி வரிக்குத்தான் பலம் அதிகம். மாற்றுக் கட்டணம் வங்கியின் கட்டணப் பட்டியலில் வெளிப்படையாக இருக்கும்.

வேறு வங்கிக்கே போவதென்றாலும், தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. “ஒரிஜினல் பத்திரம் வெளிய வர மாசக்கணக்கா ஆகும், ஆள் வெச்சு எடுக்கணும்” என்றும் சொல்வார்கள். கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் தர வேண்டும், தங்கள் பக்கக் காரணத்தால் தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று 2023 டிசம்பரிலிருந்து விதி இருக்கிறது.

பணம் போய்விட்டால்

முகவரிடம் உண்மையான வங்கிக் கோடு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது. இருந்தால் வங்கியை விடாதீர்கள். தன் முகவர் செய்வதற்கு வங்கியே பொறுப்பு. அவர் கட்டணம் கேட்ட வாட்ஸ்அப் பதிவு, யு.பி.ஐ பரிவர்த்தனை எண், விண்ணப்ப எண் மூன்றையும் இணைத்துக் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் செய்யுங்கள். வங்கி விசாரணை ஆரம்பித்ததும் முகவரே பணத்தைத் திருப்பிக் கொடுக்க வரலாம், ஏனென்றால் கோடு ரத்தானால் அவருக்குப் போவது 25,000 அல்ல. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், அதற்குச் செலவில்லை. வங்கியில் முதலில் புகார் செய்யாமல் நேராக அங்கே போனால் மனுவைத் தள்ளிவிடுவார்கள்.

கோடே இல்லாத ஆள் என்றால் ஆம்பட்ஸ்மேனிடம் போய்ப் பயனில்லை, அது போலீஸ் வேலை. பணம் அனுப்பிய சில மணி நேரத்துக்குள் 1930-க்கு அழைத்தால், தொகை அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு இருக்கிறது. cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். ஆதார், பான், கையெழுத்திட்ட காசோலை எதையாவது அவரிடம் கொடுத்திருந்தால், அன்றே வங்கியில் அந்தக் காசோலை எண்களை நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த இரண்டு மூன்று மாதம் கடன் அறிக்கையில் உங்கள் பெயரில் புதிதாக ஏதாவது முளைக்கிறதா என்றும் பாருங்கள்.